மூன்றாம் ஆண்டு வட்டிக்கு ஆருடம் சொன்னவர்

ஜவ்வாது மலையில் இயங்கும் உழவர் குழுக்கள் தங்கள் சேமிப்பை அரசுப் பத்திரங்களில் எப்படிப் போட வேண்டும் என்று பாடம் எடுக்கும் கட்டுரை ஒன்றை அண்மையில் படித்தேன். எழுதியவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் சொன்ன கணக்குதான் வேண்டும், அதுவும் பிரித்துப் போட்டுக் காட்டுவதற்காக. தப்பான கணக்கை மேடையில் சொன்னால் காற்றோடு போய்விடும். அச்சில் வந்த கணக்கை நம்பி யாராவது பணத்தைப் போட்டுவிடுவார்கள்.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் இது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமை உமி நீக்கும் இயந்திரம் வைத்திருக்கும் ஒரு குழு. மூன்று ஆண்டுகளில் இயந்திரத்தை மாற்றியாக வேண்டும். அதற்காக ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறது. சந்தையில் ஓராண்டு டிரஷரி பில் 6% தருகிறது. இரண்டாண்டுப் பத்திரம் 7% கூப்பனோடு சரியாக 100 ரூபாய்க்கு விற்கிறது. மூன்றாண்டுப் பத்திரம் 8% கூப்பனோடு அதே 100 ரூபாய்க்கு விற்கிறது. இவை அவர் வைத்த எண்கள். நிஜச் சந்தையில் மூன்று ஆண்டுக்குள் இவ்வளவு செங்குத்தான ஏற்றம் அபூர்வம். இருக்கட்டும், பிழை கண்ணுக்குத் தெரிய இந்த எண்களே வசதி.

இதை வைத்துக்கொண்டு அவர் மூன்று தீர்ப்புகள் எழுதுகிறார். மூன்றாண்டு வட்டி 8%, அதைப் பத்திரிகையில் பார்த்தாலே போதும். ‘பூட்ஸ்ட்ராப்பிங்’ என்று படித்தவர்கள் செய்வதெல்லாம் எளிய விஷயத்தைக் குழப்பும் வித்தை. மூன்றாம் ஆண்டுக்கான வட்டி என்ன என்றால், மூன்றெட்டு இருபத்துநான்கில் ஈரேழு பதினாலைக் கழி, 10%. ஆகவே மூன்றாம் ஆண்டில் வட்டி 10% ஆகும் என்று சந்தையே முன்கூட்டிச் சொல்லிவிட்டது. குழு இன்று மூன்றாண்டுப் பத்திரத்தில் மாட்டிக்கொள்ளாமல் ஆண்டுக்கு ஆண்டு பில்லில் போட்டுப் புதுப்பித்துக்கொண்டு காத்திருந்தால் லாபம்.

வாய்ப்பாட்டில் பிழை இல்லை. எதைப் பெருக்குகிறோம் என்பதில்தான் பிழை.

மூன்றாண்டுப் பத்திரம் என்பது ஒரு வாக்குறுதி அல்ல, மூன்று. ஓராண்டு முடிவில் 8 ரூபாய், இரண்டாண்டு முடிவில் 8 ரூபாய், மூன்றாண்டு முடிவில் 108 ரூபாய். மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி 100 ரூபாய்க்கு விற்கிறார்கள். பத்திரிகையில் வரும் யீல்டு, அந்த மூன்று வாக்குறுதிகளுக்கும் ஒரே வட்டியைப் போட்டுப் பார்த்தால் 100 ரூபாய் வருகிறதா என்று தேடிக் கண்டுபிடித்த எண். 8% போட்டால் முதல் கூப்பனின் இன்றைய மதிப்பு 7.41, இரண்டாவது 6.86, கடைசித் தொகை 85.73, கூட்டினால் 100. கூட்டுத்தொகை சரி. ஆனால் ஓராண்டில் வரும் 8 ரூபாயை ஏன் 8% வட்டியில் கழிக்க வேண்டும்? ஓராண்டுப் பணத்தின் விலை 6% என்று டிரஷரி பில் சொல்கிறதே! அதே அரசு, அதே நாள், அதே ஒரு ரூபாய். பில்லில் வந்தால் 6%, கூப்பனாக வந்தால் 8% என்று இரண்டு விலை வைப்பவர்தான் விஷயத்தைக் குழப்புகிறார்.

அவர் வித்தை என்று ஒதுக்கிய வேலையை இப்போது செய்து காட்டுகிறேன். ஐந்தாம் வகுப்புக் கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் டிரஷரி பில். அதில் கூப்பன் கிடையாது. ஓராண்டில் 100 ரூபாய் தரும் பில்லுக்கு 6% வட்டியில் இன்றைய விலை 94.34. அதாவது ஓராண்டு கழித்து வரும் ஒரு ரூபாய்க்கு இன்று 94.34 பைசா.

அடுத்தது இரண்டாண்டுப் பத்திரம். ஓராண்டில் 7 ரூபாய், இரண்டாண்டில் 107 ரூபாய். முதல் 7 ரூபாயின் மதிப்பு நமக்குத் தெரிந்துவிட்டது: 6.60. அதை 100இலிருந்து உரித்து எடுத்தால் மிச்சம் 93.40. இந்த 93.40 ரூபாய்தான் இரண்டாண்டு கழித்து வரும் 107 ரூபாயின் விலை. வகுத்தால், இரண்டாண்டு கழித்து வரும் ஒரு ரூபாய்க்கு இன்று 87.29 பைசா. இதையே ஆண்டு வட்டியாக மாற்றினால் இரண்டாண்டு ஸ்பாட் ரேட் 7.04%. பத்திரிகை யீல்டு 7%தான்.

மூன்றாவதும் அதே வழி. இப்போது இரண்டு கூப்பன்களை உரிக்க வேண்டும்.

```
100 = 8 × 0.9434 + 8 × 0.8729 + 108 × d3
d3  = (100 − 14.53) / 108 = 0.7914
```

மூன்றாண்டு கழித்து வரும் ஒரு ரூபாய்க்கு இன்று 79.14 பைசா. மூன்றாண்டு ஸ்பாட் ரேட் 8.11%. இதோடு பூட்ஸ்ட்ராப்பிங் முடிந்தது. முந்தைய படியில் கிடைத்த விடையை வைத்துக்கொண்டு அடுத்த படி ஏறுகிறோம், அவ்வளவுதான். சரிபார்க்க வேண்டுமானால் இந்த மூன்று பைசாக் கணக்கையும் கொண்டு மூன்றாண்டுப் பத்திரத்துக்கு மறுபடி விலை போடுங்கள்: 7.55, 6.98, 85.47. கூட்டினால் 100. இரண்டு வழியிலும் மொத்தம் 100தான் வருகிறது. ஆனால் உள்ளே கிடக்கும் துண்டுகளின் விலை வேறு. கட்டுரையாளர் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுத் துண்டுகளையும் தெரிந்துகொண்டதாக நினைத்துவிட்டார்.

துண்டுகளின் விலை கையில் இருந்தால் மூன்றாம் ஆண்டின் வட்டி தானாக வந்துவிடும். இரண்டாண்டு ரூபாயின் விலை 87.29 பைசா, மூன்றாண்டு ரூபாயின் விலை 79.14 பைசா. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.103. இரண்டாம் ஆண்டு முடிவிலிருந்து மூன்றாம் ஆண்டு முடிவு வரைக்கான ஃபார்வர்டு ரேட் 10.30%. அவர் சொன்னது 10%. கால் சதவீதத்தைத் தாண்டிய இந்த 0.30 இடைவெளிக்கு முக்கியக் காரணம், கூப்பன் கலந்த யீல்டைக் கூப்பன் இல்லாத ஸ்பாட் ரேட் என்று எண்ணியதுதான். கூட்டு வட்டி முறையில் திருத்தமாகப் போட்டாலும், அந்த யீல்டுகளிலிருந்து 10.03%தான் கிடைக்கும். பிழை கழித்தலில் இல்லை, எடுத்துக்கொண்ட எண்களிலேயே இருக்கிறது. வட்டி ஏறுமுகமாக இருக்கையில் யீல்டு எப்போதும் ஸ்பாட் ரேட்டுக்குக் கீழேயே நிற்கும், ஏனென்றால் முன்னதாக வரும் கூப்பன்கள் குறைந்த வட்டியைச் சராசரிக்குள் இழுத்துவருகின்றன. கூப்பன் பெரிதாக இருந்தால் இழுப்பும் பெரிது.

சரி, முப்பது பைசா வித்தியாசத்துக்கா இவ்வளவு ஆவேசம் என்று கேட்கலாம். இதுவரை சொன்னது கவனக்குறைவு. அடுத்தது அப்படியல்ல, ஒரு குழுவின் பணத்தைக் கரைக்கக்கூடிய அறிவுரை.

‘மூன்றாம் ஆண்டில் வட்டி 10% ஆகும் என்று சந்தை சொல்கிறது, ஆகவே காத்திரு’ என்கிறார். அவர் ஆருடம் அச்சு அசலாகப் பலிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டுக்கான ஃபார்வர்டு 8.08% (94.34ஐ 87.29ஆல் வகுத்தது), மூன்றாம் ஆண்டுக்கானது 10.30%. வட்டி அப்படியே ஏறுகிறது. குழு அவர் சொன்னபடி ஓராண்டு பில்லில் போட்டு, புதுப்பித்து, மறுபடி புதுப்பிக்கிறது. ஒரு லட்சம் என்னவாகும்? 1.06 பெருக்கல் 1.0808 பெருக்கல் 1.103. சுமார் 1,26,360 ரூபாய்.

இன்றே மூன்றாண்டுக்குக் கூப்பனில்லாத ஸ்ட்ரிப் பத்திரத்தில் போட்டிருந்தால்? 8.11% வட்டியில் மூன்று ஆண்டு: அதே 1,26,360 ரூபாய்.

ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. கூடவும் கூடாது, ஃபார்வர்டு ரேட் என்பதன் இலக்கணமே அதுதான். காத்திருப்பதும் இன்றே பூட்டிவைப்பதும் எந்த வட்டியில் சமமாகுமோ, அந்த வட்டிதான் ஃபார்வர்டு ரேட். ஆக, தம் ஆருடம் முழுதாகப் பலித்தாலும் கட்டுரையாளர் வாக்களித்த லாபம் சுழி. வட்டி 10.30%ஐயும் தாண்டினால்தான் காத்திருந்தவருக்கு ஆதாயம். ஆருடம் பலிக்காமல் வட்டி 6%லேயே நின்றுவிட்டால் ஒரு லட்சம் 1,19,102 ரூபாயில் நின்றுபோகும். சுமார் ஏழாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் நட்டம், சாமை உடைக்கிற குழுவின் கையிலிருந்து. பலித்தால் பூஜ்யம், பலிக்காவிட்டால் நட்டம். இப்படி ஓர் அறிவுரையைக் காசு கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. சும்மா கிடைத்தாலும் விலை அதிகம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குழு 8% கூப்பன் பத்திரத்தை வாங்கினாலும் 8.11% முழுதாகப் பூட்டப்படுவதில்லை. ஆண்டுதோறும் வரும் 8,000 ரூபாய்க் கூப்பனை அன்றன்றைய வட்டியில்தான் மறுபடி போட முடியும். வட்டி 6%லேயே நின்றால் மூன்றாண்டு முடிவில் கைக்கு வருவது 1,25,469 ரூபாய். ஸ்ட்ரிப்பை விட 900 ரூபாய் குறைவு, பில்லைப் புதுப்பித்ததை விட 6,300 ரூபாய்க்கு மேல் கூடுதல். கூப்பன் பத்திரத்தில் மறுமுதலீட்டு ஆபத்து இருக்கிறது என்று கட்டுரையாளர் பயமுறுத்துகிறார். இருக்கிறதுதான், 900 ரூபாய் அளவுக்கு. அதற்கு அவர் தரும் மருந்து, முழுத் தொகையையும் அதே ஆபத்தில் இறக்குவது!

ஃபார்வர்டு ரேட் ஆருடம் இல்லையென்றால் பிறகு என்ன? இன்றே பேசி முடிக்கக்கூடிய ஒரு விலை. இரண்டாண்டு ஸ்ட்ரிப்பை ஒரு லட்ச ரூபாய் முகமதிப்புக்கு விற்றால் இன்று 87,286 ரூபாய் வரும். அதை அப்படியே மூன்றாண்டு ஸ்ட்ரிப்பில் போட்டால் 1,10,295 ரூபாய் முகமதிப்புக்கு வாங்கலாம். இன்று கையிலிருந்து ஒரு காசு போகவில்லை. இரண்டாண்டு முடிவில் ஒரு லட்சம் தர வேண்டும், மூன்றாண்டு முடிவில் 1,10,295 வரும். மூன்றாம் ஆண்டுக்கான 10.30% வட்டி இன்றே கையெழுத்தாகிவிட்டது. அந்த ஆண்டில் ரிசர்வ் வங்கி என்ன செய்தாலும் இந்த ஒப்பந்தம் மாறாது. எதிர்காலத்தைப் பற்றி யாரும் எதையும் நம்பத் தேவையில்லாத கணக்கு இது.

கட்டுரையாளர் இந்த இடத்தில் கவித்துவத்துக்குப் போகிறார். காவலூர் வானாய்வகத்தின் தொலைநோக்கி போலச் சந்தையும் தொலைவில் வருவதை முன்பே பார்த்துவிடுகிறதாம். ஜவ்வாது மலை என்றதும் காவலூர் நினைவுக்கு வந்திருக்கிறது, நல்லது. 1986இல் அங்கே திறக்கப்பட்ட 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் தெரிவது, என்றோ புறப்பட்டு இன்று வந்து சேர்ந்த பழைய ஒளி. வரப்போவதைப் பார்க்கும் கருவி அங்கேயும் இல்லை.

ஃபார்வர்டு ரேட்டில் எதிர்பார்ப்பு கொஞ்சமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, கூடவே வேறு சரக்கும் இருக்கிறது. நீண்ட காலத்துக்குப் பணத்தைக் கட்டிப்போடுபவர் அதற்கு ஒரு கூலி கேட்பார். இன்னொரு பக்கம், ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும் நீண்ட காலப் பத்திரம் வேண்டும் என்று வரிசையில் நின்றால் அந்தக் கூலி குறையும். வங்கிகள் சட்டத்துக்காகவே அரசுப் பத்திரம் வைத்திருக்க வேண்டியவை. இவை எல்லாம் சேர்ந்துதான் விலை. அதில் எதிர்பார்ப்பு எத்தனை, கூலி எத்தனை என்று ஃபார்வர்டு ரேட் தன்னைப் பிரித்துக் காட்டாது. அமெரிக்கப் பத்திரங்களை ஆராய்ந்து யூஜின் ஃபாமாவும் ராபர்ட் பிளிஸும் 1987இலேயே எழுதினார்கள்: அடுத்த ஓராண்டில் வட்டி எங்கே போகும் என்பதைச் சொல்வதில் ஃபார்வர்டு ரேட்டுக்குத் திறன் மிகக் குறைவு.

நம் ஊர் அனுபவத்தையே பாருங்கள். 2020 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போவை 4%க்கு இறக்கியது. அதன் பிறகு குறுகிய கால பில்லுக்கும் பத்தாண்டுப் பத்திரத்துக்கும் இடையே இரண்டு சதவீதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தது. வட்டிக் கோடு அப்படி ஏறும்போது ஃபார்வர்டு ரேட்டுகள் அதைவிட வேகமாக ஏறும். கட்டுரையாளரின் முறைப்படி அது ‘வட்டி ஏறப்போகிறது’ என்ற அறிவிப்பு. ரெப்போ அதற்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதே 4%லேயே கிடந்தது. 2022 மே 4ஆம் தேதிதான் அசைந்தது. 2023 பிப்ரவரிக்குள் 6.50% ஆனது. கடைசியில் ஏறத்தானே செய்தது என்பார். ஏறியது. இடையில் பில்லைப் புதுப்பித்துக்கொண்டே காத்திருந்தவருக்கு அந்த இரண்டு ஆண்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

பூட்ஸ்ட்ராப்பிங்கை நான் தூக்கிப் பிடிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அதற்கும் வரம்பு உண்டு. அதை அவர் சொல்லியிருந்தால் மரியாதையாக ஒப்புக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்பதால் ஒரு விலையில் விழும் பிழை மேலே போகப் போகப் பெருகும். நம் மூன்றாண்டுப் பத்திரம் அன்று சரியாக விற்பனை ஆகவில்லை, 100க்குப் பதிலாக 100.25 என்று ஒரு பழைய விலை குறிக்கப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். வெறும் 25 பைசா. ஸ்பாட் ரேட் 8.11இலிருந்து 8.01க்கு இறங்கும். ஃபார்வர்டு ரேட்டோ 10.30இலிருந்து 9.97க்கு விழும். ஸ்பாட்டில் பத்துப் புள்ளி ஆட்டம், ஃபார்வர்டில் முப்பதுக்கு மேல். மூன்று ஆண்டின் பிழை முழுவதும் ஒரே ஆண்டின் தலையில் இறங்குவதால் இந்த மூன்று மடங்கு. ஃபார்வர்டு கோடு ஓர் ஆண்டு மேலே, அடுத்த ஆண்டு கீழே என்று ரம்பப் பல்லாகத் தெரிந்தால் சந்தை அப்படி நினைக்கிறது என்று வியாக்கியானம் எழுதக் கூடாது. எந்தப் பத்திரத்தின் விலை பழசு என்று தேட வேண்டும்.

நம் சந்தையில் அந்தத் தொல்லை நிறைய. அரசுப் பத்திரங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை கூப்பன் தருபவை. மூன்றாண்டு வரை போக ஆறு படி வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒன்றாகச் சரியான தேதியில் முதிரும், அதுவும் தினமும் கைமாறும் பத்திரம் கிடைக்காது. இடைவெளியை ஏதாவது கோடு வரைந்து நிரப்பியாக வேண்டும். இதனால்தான் சிசிஐஎல் நிறுவனம் நெல்சன்–சீகல்–ஸ்வென்சன் சூத்திரத்தின் வழியே ஸ்பாட் ரேட் கோட்டை வெளியிடுகிறது. அரசுப் பத்திரங்களின் மதிப்பீட்டை 2018 மார்ச் 31 முதல் ஏற்றிருக்கும் எஃப்பிஐஎல், வளைகோட்டுப் பொருத்தத்தால் யீல்டுக் கோட்டை அமைக்கிறது. இவை வித்தை காட்டுவதற்கல்ல, 25 பைசாப் பிழை முழுக் கோட்டையும் கவிழ்த்துவிடாமல் இருப்பதற்கு.

இன்னொன்று, கட்டுரையாளர் தொடவே இல்லாதது. திரையில் தெரியும் விலை சுத்த விலை. கடைசிக் கூப்பனுக்குப் பின் சேர்ந்த வட்டியைத் தனியாகக் கூட்டித்தான் வாங்குபவர் பணம் தர வேண்டும். 8% பத்திரத்தில் கூப்பன் தேதி கழிந்து நான்கு மாதம் ஆகியிருந்தால், மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்ற நம் பத்திர வழக்கப்படி சேர்ந்த வட்டி 2.67 ரூபாய். 25 பைசாவுக்கே அந்த ஆட்டம் என்றால், இந்த 2.67ஐ மறந்துவிட்டு உரிக்கத் தொடங்குபவரின் ஃபார்வர்டு ரேட் எங்கே போய் நிற்கும் என்று அவரே போட்டுப் பார்க்கட்டும். உதாரணப் பத்திரங்கள் கூப்பன் தேதியன்றே வாங்கப்படுவதால் அவர் தப்பித்தார்.

கடைசியாக வழிமுறை. குழுவை ‘ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்டில் கணக்குத் திறக்கச்’ சொல்கிறார். 2021 நவம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் தனிநபர்களுக்கானது. 10,000 ரூபாயிலிருந்து வாங்கலாம், இன்னொருவரோடு கூட்டாகவும் திறக்கலாம். ஆனால் குழுவின் பெயரில் திறக்க முடியாது. குழுப் பணத்தை ஓர் உறுப்பினரின் சொந்தக் கணக்கில் போட்டால் என்ன வழக்கு வரும் என்று மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதிவு பெற்ற அமைப்பாக இருந்தால் ஒரு வங்கியிடமோ பிரைமரி டீலரிடமோ கில்ட் கணக்குக்கு விசாரிக்க வேண்டும். ஒரு லட்சம் போன்ற தொகைக்கு அவர்கள் இணங்காவிட்டால், தங்கள் வங்கிக் கிளையின் மூன்றாண்டு டெபாசிட் வட்டியை 8.11%ஓடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். மூன்றாண்டில் தேவைப்படும் பணத்துக்கு ஒப்பிட வேண்டிய எண் அதுதான். 6% அல்ல, 10% அல்ல.

கட்டுரையை வெளியிட்ட ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாம் ஆண்டு ஃபார்வர்டு ரேட் 10.30% என்றும், காத்திருந்தால் லாபம் என்ற வரி தவறு என்றும், ரீடெய்ல் டைரக்டில் குழுக் கணக்கு இல்லை என்றும் அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில்.